நான் எழுதிய பந்திக்கு நானே சொன்ன பிழையான விடை

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடம் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். மரக்கறி விதை, உரம், மருந்து அடிக்கிற மெஷின், மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், எல்லாம் ஒரே இடத்தில். கீழே கடை, மேலே கூட்டம் வைக்கிற அளவுக்கு ஒரு ஹோல். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டிய கட்டடம் அது. பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை அப்படி இருந்தால் நான் என்ன செய்ய முடியும்.

மேல் ஹோலைச் சனிக்கிழமை காலையில் ஒரு டீச்சருக்கு விட்டிருந்தேன். வாடகை கிடையாது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் தமிழ் பாடத்தில் தவறி, மறுபடியும் எழுதுகிற பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு எடுத்தார். பதினைஞ்சு இருபது பேர் வருவார்கள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு கார்மெண்ட் பெக்டரியில் தைக்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், ஒன்றும் செய்யாமல் நிற்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி என் ரெண்டாவது மருமகள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பிள்ளை மடுவத்தில், அதுதான் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம், உதவிக்கு நின்றவள். இருபது பிள்ளை ஒரே நேரத்தில் அழுதாலும் எந்தப் பிள்ளைக்குப் பசி, எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பொறுப்பாகப் பார்க்கிற வேலைக்கு ஆள் தேடினார்கள். அவளைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஓ.எல். சேர்டிபிகேட்டில் தாய்மொழி பாஸ் இருக்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை ரிசல்ட் வரும் மட்டும் இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

கணக்கு முதல் தடவையே பாஸ். விஞ்ஞானம் பாஸ். தமிழில் மட்டும் ரெண்டு தடவையும் டபிள்யூ. டபிள்யூ என்றால் பெயில். வீட்டிலே தமிழ், கோயிலிலே தமிழ், சண்டை பிடிப்பதும் தமிழ். என் பெரிய மகன் கேலி பண்ணுவான்.

"ஏம்மா, பேசாம சிங்களத்துல எழுதியிருக்கலாம்ல. அதுலயாவது பாஸாயிருப்ப."

அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

பரீட்சையில் மார்க் எத்தனை என்று சொல்ல மாட்டார்கள், எழுத்து மட்டும்தான் வரும். எங்கே தவறினாள் என்று டீச்சர்தான் பழைய வினாத்தாள்களைக் கொடுத்து எழுத வைத்துக் கண்டுபிடித்தார். கட்டுரை எழுதுவாள். இலக்கியக் கேள்விக்குப் பாடமாக்கி எழுதுவாள். கிரகித்தல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பத்து வரி வருகிற ஒரு பந்தியைக் கொடுத்து, வாசித்து விளங்கிக்கொண்டு விடை எழுதச் சொல்வார்கள். அங்கேதான் சறுக்கினாள். அதிலும் ரெண்டு கேள்வி. இந்தப் பந்தியின் மையக்கருத்து என்ன, ஆசிரியரின் நோக்கம் என்ன.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சுவர் நோட்டீஸைப் பார்த்தே ஊர் நிலவரம் சொல்கிறவன் நான். ஒரு யாவாரி வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினால் போதும், அவன் கரட் வாங்க வந்தானா, விலை பார்க்க வந்தானா என்று எனக்குத் தெரியும். நோக்கம் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆள் உண்டா. "பேப்பரைக் கொண்டாம்மா, நான் பாக்குறேன்" என்றேன்.

கொண்டுவந்தாள். பந்தி, குடையை மறக்கிற ஒரு மனிதரைப் பற்றியது. ரயிலில் ஒரு குடை, டாக்டரிடம் ஒரு குடை, கடைசியில் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், கையில் வேறு யாருடையதோ குடை, விரிக்காமலேயே. அவரே தன்னைப் பற்றி எழுதியிருந்தார். ஆசிரியரின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு என் மருமகள், 'பொருட்களைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவது' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் டீச்சர் சிவப்புப் பேனையால் ஒரு கேள்வி போட்டிருந்தார். 'எந்த வாக்கியத்தில்?'

"சரியாத்தானே எழுதியிருக்க" என்றேன். "குடைய மறக்கக் கூடாது. வேற என்ன இருக்கு இதுல."

"நானும் அதத்தான் மாமா சொன்னேன்."

"அந்த டீச்சருக்கு வெளங்கல. நான் பேசுறேன்."

அடுத்த சனிக்கிழமை பேசினேன். டீச்சர் என் மகள் வயது. பேச்சு அமைதி, பேனை அமைதி இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மொதலாளி, அந்தப் பந்திய வாசிக்கும்போது நீங்க சிரிச்சீங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சேன். விரிக்காத குடையோட நனையுறான்ல."

"அப்போ அதுதான் நோக்கம். தன் மறதியத் தானே கேலி செஞ்சு வாசிக்கிறவங்கள சிரிக்க வைக்கிறது. கவனமா இருங்கனு அவர் ஒரு எடத்துலயும் சொல்லல."

பிறகு டீச்சர் ஒரு விஷயம் சொன்னார், அது என் மனதில் தைத்தது. இந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எந்தப் பந்தியைக் கொடுத்தாலும் 'அறிவுரை கூறுவது' என்றுதான் எழுதுகிறார்களாம். பனியைப் பற்றிக் கொடுத்தால் பனியில் கவனமாக நடக்க வேண்டும். அணிலைப் பற்றிக் கொடுத்தால் அணிலைப் போல் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் யார் வந்து பேசினாலும் புத்திமதிதான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை புத்தி சொல்வார். கோயிலில் கதை சொல்ல வந்தவர் கடைசியில் புத்தி சொல்லாமல் மைக்கை விட மாட்டார். தலைவர் வந்தால் புத்தி, ஆஸ்பத்திரி மிஸ்ஸி வந்தால் புத்தி, செத்த வீட்டில்கூட ஒருத்தர் எழும்பி குடிக்காதீங்க என்பார். ஆக, ஒருத்தர் பேனையைப் பிடித்து எழுதியிருக்கிறார் என்றால், நம்மைத் திருத்தத்தான் எழுதியிருப்பார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சும்மா சிரிக்க, சும்மா வருத்தப்பட, ஒருத்தருக்கு நன்றி சொல்ல, ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்த யாராவது எழுதுவார்கள் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

இதை டீச்சரிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். அவர் "ஆமாம் மொதலாளி" என்றார். முதலே தெரிந்திருக்கும் போல. ஆனாலும் நான் சொன்ன மாதிரி அழகாக அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அதிலிருந்து நான் சனிக்கிழமைகளில் மாடிப்படியின் மேல் தட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கடையைப் பெரிய மகன் பார்த்துக்கொள்வான். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால், பல்பு சரியாக எரிகிறதா என்று பார்க்கிற மாதிரி மேலே பார்ப்பேன்.

டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. மையக்கருத்தை விளங்கப்படுத்தக் கீழே என் கடையில் இருந்தே ஒரு மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

"இதுக்குள்ள கரட் இருக்கு, லீக்ஸ் இருக்கு, பீட்ரூட் இருக்குனு வைங்க. மேல அட்டையில என்ன எழுதுவீங்க?"

முன்வரிசையில் இருந்த கார்மெண்ட் பிள்ளை, "கரட்னு" என்றாள்.

"ஏன்?"

"தொறந்தா மொதல்ல தெரியுறது அதுதானே, டீச்சர்."

"மொத வாக்கியத்தப் பாத்து மையக்கருத்து எழுதுறவங்க எல்லாரும் இதத்தான் செய்றீங்க. லீக்ஸ் வாங்க வந்தவன் போயிருவான். சாப்பாட்டுச் சாமான்னு எழுதினா?"

"அரிசியும் சாப்பாட்டுச் சாமான்தானே" என்றான் பின்னால் இருந்த ஒருத்தன்.

"ஆ. அது ரொம்ப அகலம். மலைநாட்டு மரக்கறினு எழுதினா உள்ள இருக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடங்கும், இல்லாதது வராது. அதுதான் மையக்கருத்து. பந்தி என்ன சொல்லுதுங்கிறது. அந்த மூட்டைய எங்க அனுப்புறோம், எதுக்கு அனுப்புறோம்ங்கிறது நோக்கம். ரெண்டையும் குழப்பாதீங்க. எத எழுதினாலும் எந்த வாக்கியத்தப் பாத்து எழுதினேன்னு வெரல வச்சுக் காட்டத் தெரியணும்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், யோசனையில் பிழை இல்லை.

எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போட்டார்கள். கோபுர வர்ணப்பூச்சு என் உபயம் என்பதால், என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல ரெண்டாவது மகன் போனில் அடித்தான். 'நான் கடந்து வந்த பாதை' என்று ரெண்டு பக்கம், போட்டோவோடு. மலரில் எல்லாரும் வாசித்த கட்டுரை அதுதான் என்று மலர்க் குழுவில் இருந்தவரே என்னிடம் சொன்னார். நான் கேட்டபோது சொன்னார்.

என் கணக்கு இப்படி. ஆசிரியரின் நோக்கம் தெரியாமல்தானே மருமகள் தவிக்கிறாள். ஆசிரியரே வீட்டில் இருந்தால்? டீச்சரிடம் மலரைக் கொடுத்து, "இதுல ஒரு பந்திய எடுத்துக் குடுங்க, நல்ல தமிழ்" என்றேன். டீச்சர் அங்கேயே நின்று ரெண்டு பக்கத்தையும் வாசித்தார். ஒரு இடத்தில் நின்று, மறுபடி வாசித்தார். "குடுக்கலாம் மொதலாளி. இந்த ரெண்டாவது பந்தி நல்லா இருக்கு" என்றார். பார்த்தீர்களா.

அன்று சாயங்காலமே மருமகளைக் கூப்பிட்டேன். "வாற சனிக்கிழம என் பந்திதான் வருது. நோக்கம் என்னன்னு கேப்பாங்க. எழுதிக்க. இளைஞர்கள் உழைத்து முன்னேற வேண்டும் என்பது."

"அது புத்திமதி மாதிரி இருக்கே மாமா."

"புத்திமதிதான். இந்தத் தடவ நெசமாவே புத்திமதி. எழுதினவனே சொல்றேன்."

சனிக்கிழமை வந்தது. டீச்சர் போட்டோ கொப்பி எடுத்துவந்த பந்தி இது. நான் எழுதியது என்பதால் முழுதாகத் தருகிறேன்.

'வலப்பனைச் சந்தையில் மூட்டை தூக்கியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. தோள் பிய்ந்து போகும். வீட்டுக்கு வந்ததும் அவள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். பிறகு சொந்தமாக வியாபாரம் தொடங்கினேன். எந்தத் தோட்டத்தில் யாருடைய கரட் எப்போது முற்றும் என்று அவள்தான் விசாரித்து வந்து சொல்வாள். லொறி வாங்கினேன். அது நானுஓயா ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டபோது அவள் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். கடை திறந்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் விதைப் பாக்கெட்டுகளைப் படத்தைப் பார்த்து அவளே அடுக்கினாள். இன்று கடைப் பலகையில் என் பெயர் பெரிதாக இருக்கிறது. பலகையில் இரண்டு பெயருக்கு இடம் போதாது என்று எழுத வந்தவர் சொன்னார்.'

அரை மணித்தியாலம் எழுதினார்கள். டீச்சர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். மையக்கருத்துக்குப் பின்வரிசைப் பையன், 'ஒருவர் மூட்டை தூக்கி முன்னேறியமை' என்று எழுதியிருந்தான். நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அத மூட்டைமேல எழுதினா ஒத்தடத்த எங்க போடுறது?" என்று கேட்டார் டீச்சர். "கல்ல எங்க போடுறது? பந்தியில பாதி வெளிய விழுந்துருமே."

கார்மெண்ட் பிள்ளை, "பலகை எழுதின ஆளக் கண்டிக்கிறது நோக்கமா இருக்குமோ டீச்சர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. அந்தப் பலகை எழுதினவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனிதன்.

பிறகு என் மருமகளுடைய தாள். டீச்சர் வாசித்தார். "இளைஞர்கள் உழைத்து முன்னேற வேண்டும் என்று அறிவுரை கூறுவது. எந்த வாக்கியத்தப் பாத்து எழுதின?"

அவள் எழும்பி நின்றாள். பந்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எழுதினவரே சொன்னாங்க டீச்சர்."

இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் நீண்டது. டீச்சர் சிரிக்கவில்லை.

"பரீட்ச மண்டபத்துக்கு எழுதினவர் வர மாட்டாரும்மா. வந்து காதுல சொன்னாலும் அதுக்கு மார்க் இல்ல. தாள்ல இருக்கிறதுக்குத்தான் மார்க்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன். "டீச்சர், எழுதினது நான். என் நோக்கம் எனக்குத் தெரியாதா?"

"நீங்க நெனச்சது அதுவா இருக்கலாம் மொதலாளி. எழுதினதுல காட்டுங்க."

தாளை என் கையில் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டேன். விரலை வைத்து முதலில் இருந்து வாசித்தேன். இளைஞர் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. உழைப்பு என்ற சொல்லைத் தேடினேன், அதுவும் இல்லை. ரெண்டாம் தடவை தேடினேன். பதினெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கின காலத்தில்கூட என் கழுத்து அப்படிச் சுட்டதில்லை.

"அது அடுத்த பந்தியில இருக்கு" என்றேன். உண்மையில் இருந்தது. இளைஞர்களே, விழித்தெழுங்கள் என்று ஒரு பந்தி முழுக்க.

"கேள்வி இந்தப் பந்திக்குத்தானே" என்றார் டீச்சர், மரியாதையாகத்தான்.

அப்போது என் மருமகள், இன்னும் நின்றுகொண்டிருந்தவள், "டீச்சர், நான் மாத்திச் சொல்லலாமா?" என்றாள். எங்கள் வீட்டில் அவள் என் பேச்சுக்கு மாற்றுச் சொன்னதே இல்லை. உப்புக் கூடிவிட்டது என்று நான் சொன்னால், அன்றைக்கு உப்பே போடாவிட்டாலும் ஆமாம் மாமா என்பாள். "மாமா கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தாளில் விரலை வைத்தாள்.

"மூணாவது வாக்கியத்துல அத்த. அஞ்சாவதுல அத்த. ஏழாவதுல, ஒம்பதாவதுல அத்த. மாமா ஒண்ணு செஞ்சா அடுத்த வாக்கியத்துல அத்த நிக்கிறாங்க. அதனால மையக்கருத்து, ஒருவருடைய ஒவ்வொரு முன்னேற்றத்திலும் மனைவியின் பங்கு இருந்தமை." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசியில பலகையில ரெண்டு பேருக்கு எடமில்லனு முடிக்கிறாங்க. பெருமைக்கு எழுதியிருந்தா, பேர் பெருசா இருக்குங்கிறதோட நிறுத்தியிருப்பாங்க. நிறுத்தல. அதனால நோக்கம், மனைவிக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்ற குறையை உணர்ந்து அவருக்கு நன்றி கூறுவது."

டீச்சர் சிவப்புப் பேனையை மூடி மேசையில் வைத்தார். "முழு மார்க்" என்றார்.

நான் கீழே இறங்கினேன். பதினாலு படி. நானே நின்று கட்டினது, எந்தப் படியில் கால் வைத்தாலும் எத்தனையாவது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எத்தனை இறங்கினேன் என்று தெரியவில்லை.

கீழே என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள். சனிக்கிழமை பத்தரைக்கு வருவாள். "இங்காருங்க, என்ன மூஞ்சி இப்படி இருக்கு. புள்ள சரியா எழுதலயா?"

"சரியா எழுதிட்டா."

"அதுக்கா?"

அவள் முந்தானையால் கவுண்டரில் இருந்த விதைத் தட்டைத் துடைத்தாள். தட்டில் கரட் பாக்கெட் ஒன்று பீட்ரூட்டோடு கலந்து கிடந்தது. எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். இது அவள் எப்போதும் செய்கிற வேலை. நான் எப்போதும் பார்க்கிற வேலைதான்.

மத்தியானம் வீட்டில் மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். நான்தான் பேசினேன். "அந்தத் தாள அத்தைக்கு வாசிச்சுக் காட்டு" என்றேன். மலர் வந்து நாலு மாதம். ஊர் முழுக்க வாசித்தது. வீட்டில் எழுத்துத் தெரியாத ஒருத்திக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் போட்டோவை மட்டும் காட்டியிருந்தேன்.

மருமகள் வாசித்தாள். டீச்சர் வகுப்பில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். லொறி வந்த இடத்தில் கை நின்றது.

"கல்லு வச்சது நான்தான்" என்றாள். "அத மட்டும் எழுதினா எப்படி. லொறிக்குள்ள இருந்து அய்யோ அம்மானு கத்தினது யாருன்னும் எழுதணும்ல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

கடைசி வாக்கியத்தையும் மருமகள் வாசித்து முடித்தாள். என் மனைவி கீரைத் தண்டை உடைத்தாள், இன்னொன்றை உடைத்தாள். "பலகைய மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். என் பேரும் மேல ஏறுச்சுன்னா பலகைக்குத் தூசி தட்ட என்னையத்தான் ஏணியில ஏத்துவீங்க." கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எழுதினீங்கல்ல. அது போதும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். இளைஞர்களுக்கு அறிவுரை என்று அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் படித்த விதம் வேறு. பந்தியைக் கொடுத்தால் முதலில் பென்சிலால் வாக்கியங்களுக்கு இலக்கம் போடுவாள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கோடு போடுவாள். கடைசி வாக்கியத்தில் ஆசிரியர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்ப்பாள். பிறகுதான் எழுதுவாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதாவது, ஒரு ரெண்டு தடவைதான் சொன்னேன். ரெண்டு தடவையும், "எந்த வாக்கியத்துல மாமா?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

பரீட்சை அன்று நானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். பனி விழுந்து பள்ளிக்கூட கேட்டே தெரியவில்லை. வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தேன். யாவாரி முகம் பார்க்கத் தெரிந்தவன், அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"பந்தி என்ன வந்துச்சு?"

"ஒரு பழைய பாலத்தப் பத்தி, மாமா. வெள்ளத்துக்குப் பொறகு அதுல நடக்கிற ஒருத்தரு எழுதினது."

"பாலத்தக் கவனமாக் கடக்கணும்னு அறிவுரையா?"

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் தேடினேன். அறிவுர ஒரு வாக்கியத்துலயும் இல்ல. பழகின எடம்கூட ஒரு வெள்ளத்துல அன்னியமாயிரும்கிற பயத்தச் சொல்றாரு. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"சரியா இருக்குமா?"

"தெரியல மாமா. ஆனா வெரல வச்சுக் காட்ட முடியும்."

ரிசல்ட் வர மாதக்கணக்கானது. தோட்டத்தில் இருந்து ரெண்டு தடவை கேட்டு அனுப்பினார்கள். வந்த அன்று சுட்டெண்ணை ரெண்டாவது மகன் போனில் அடித்தான். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகள் பார்க்க மாட்டேன் என்று விதைப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தமிழ் என்ற சொல்லுக்கு நேரே சி என்று வந்தது. சி என்றால் பாஸ், அதிலும் நல்ல பாஸ். மகன் சத்தமாக வாசித்தான். அவள் அத்தையின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு ஒரு பிள்ளை மடுவமே அழுகிற மாதிரி கேட்டது.

இப்போது அவள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பு. காலையில் ஏழு மணி பஸ். டீச்சருக்கு ஹோல் இன்னும் வாடகை இல்லாமல்தான். டீச்சர் ஒவ்வொரு புது வகுப்புக்கும் என் பந்தியைக் கொடுக்கிறார். கும்பாபிஷேக மலரில் எழுதின வேறு யாருடைய பந்தியும் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

பலகையை மாற்றவில்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பலகையை எழுதினவரை மட்டும் கூப்பிட்டு, விதைத் தட்டுக்கு மேலே, உள்சுவரில், அவள் பெயரைச் சின்னதாக எழுதச் சொன்னேன். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் எது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும். காலையில் கடைக்கு வந்தால் முதலில் அதைத்தான் முந்தானையால் துடைக்கிறாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

இதை எழுதி முடித்ததும் மருமகளிடம் கொடுப்பேன். நோக்கம் என்ன என்று கேட்டால், ஹோல் கொடுத்தவன் நான், யோசனை சொன்னவன் நான், பந்தி எழுதினவன் நான் என்பதைத் தெரியப்படுத்தத்தான் என்று சொல்வேன். அவள் பென்சிலை எடுத்து இலக்கம் போடத் தொடங்குவாள். போடட்டும்.